‘என் வயிற்றின் எஜமானே’: ரஷ்ய ஜெபத்தின் ஸ்லாவோனிக் சாயலுக்குத் தமிழில் எந்த நடை?

பெருந்தவக் காலத்தில் ரஷ்யத் திருச்சபையில் வார நாட்கள்தோறும் சொல்லப்படும் ஒரு சிறு ஜெபம் உண்டு. சிரியரான புனித எப்ரேமின் பெயரால் வழங்குவது. அதன் தொடக்கம் ‘கோஸ்போதி இ விளாதீகோ ஷிவோதா மொயேகோ’. இன்றைய ரஷ்ய மொழியில் ‘ஷிவோத்’ என்றால் வயிறு. பேச்சு ரஷ்யன் மட்டும் படித்தவர் இந்த வரியைத் தமிழாக்கினால் ‘ஆண்டவரே, என் வயிற்றின் எஜமானே’ என்றுதான் வரும். ஆனால் இந்த வரி ரஷ்யன் அல்ல, திருச்சபை ஸ்லாவோனிக். அதில் ‘ஷிவோத்’ என்றால் உயிர், வாழ்வு.

பொருளைச் சரிசெய்வது எளிது, அகராதி போதும். அதற்கு அடுத்த முடிவுதான் கடினம். ஸ்லாவோனிக் என்று கண்டுகொண்ட சொல்லை எந்தத் தமிழில் வைப்பது? நம் முன்னே மூன்று நடைகள் இருக்கின்றன. முதலாவது, சாயலைக் கைவிட்டு இன்றைய பொதுத் தமிழில் எழுதுவது. இரண்டாவது, பழமைக்குப் பழமை என்று செந்தமிழுக்குப் போவது. மூன்றாவது, தமிழ்க் கிறிஸ்தவரின் பழைய வேதாகம நடை. பிதா, நாமம், ராஜ்யம், கிருபை என்று வடசொல் கலந்து ஓடுவது. மூன்றில் ஒன்றை எல்லா இடத்துக்கும் பொதுவாகத் தேர்ந்துகொள்ள முடியாது என்பது எங்கள் கருத்து. ஜெபத்துக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, நாவலின் உரையாடலுக்கு வேறொன்று தேவைப்படும். அதற்கு முன், எது ஸ்லாவோனிக் என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

இக்கட்டுரையில் ரஷ்யச் சொற்களை உச்சரிப்பைவிட எழுத்தைப் பின்பற்றியே தமிழில் எழுதியிருக்கிறோம். அடையாளங்கள் எழுத்தில்தான் இருக்கின்றன. தவிரவும், தேவாலய வாசிப்பில் ‘ஓ’ எழுத்து ‘ஓ’ என்றே ஒலிக்கும். பேச்சு ரஷ்யனைப் போல அழுத்தமற்ற இடத்தில் ‘ஆ’ ஆகத் தேயாது.

எது ஸ்லாவோனிக், எது வெறும் ரஷ்யன்

திருச்சபை ஸ்லாவோனிக் ரஷ்யனின் பழைய வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒன்பதாம் நூற்றாண்டில் சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் கிரேக்க வேதநூல்களை மொழிபெயர்க்கக் கையாண்ட தெற்கு ஸ்லாவியப் பேச்சில் பிறந்த எழுத்து மொழி அது. 988இல் கீவ் அரசு ஞானஸ்நானம் பெற்றபின் கிழக்கு ஸ்லாவியர்களிடம் வழிபாட்டு மொழியாக வேரூன்றியது. அன்றுமுதல் வீட்டுச் சொல் ஒன்று, கோயில் சொல் ஒன்று என இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. ஒரே வேரிலிருந்து வந்த இரட்டைச் சொற்கள் ரஷ்யனில் குவிந்ததற்குக் காரணம் இதுவே.

இரட்டைகளில் முதலில் கண்ணில் படுவது உயிரெழுத்து வேறுபாடு. ரஷ்யன் வடிவத்தில் ‘ஓரோ’, ‘ஓலோ’, ‘ஏரெ’ என்று இரண்டு உயிர்கள் வரும் இடத்தில் ஸ்லாவோனிக் வடிவத்தில் ‘ரா’, ‘லா’, ‘ரே’ என்று ஓர் உயிரே வரும். நகரத்துக்குக் ‘கோரோத்’ ரஷ்யன், ‘க்ராத்’ ஸ்லாவோனிக். குரலுக்குக் ‘கோலோஸ்’ ரஷ்யன், ‘க்லாஸ்’ ஸ்லாவோனிக். கரைக்கு ‘பேரெக்’, ‘ப்ரெக்’. இளமைக்கு ‘மோலோதோய்’, ‘ம்லாதோய்’. இரண்டாவது அடையாளம் மெய்யெழுத்தில் இருக்கிறது: ரஷ்யனின் ‘ச்’ ஸ்லாவோனிக்கில் ‘ஷ்ச்’ ஆகும், ‘ஷ்’ என்பது ‘ஷ்த்’ ஆகும். இரவுக்கு ‘நோச்’ ரஷ்யன், ‘நோஷ்ச்’ ஸ்லாவோனிக். அந்நியனுக்குச் ‘சுஷோய்’ ரஷ்யன், ‘சுஷ்தீய்’ ஸ்லாவோனிக்.

இதைக் கற்றவுடன் கண்டதெல்லாம் ஸ்லாவோனிக்காகத் தோன்றும். அங்கேதான் புதிய மொழிபெயர்ப்பாளர் வழுக்குகிறார். காலத்தைக் குறிக்கும் ‘வ்ரேம்யா’, எதிரியைக் குறிக்கும் ‘வ்ராக்’, ஆடையைக் குறிக்கும் ‘ஓதேஷ்தா’ எல்லாமே பிறப்பால் ஸ்லாவோனிக். ஆனால் பால்கடையில் நிற்பவரும் அவற்றைத்தான் சொல்கிறார். அவற்றுக்குப் புனிதமும் இல்லை, பழமையும் இல்லை. அவற்றைப் பார்த்துத் தமிழில் குரலை உயர்த்தினால் மூலத்தில் இல்லாத மணியோசை மொழிபெயர்ப்பில் கேட்கும்.

சோதிக்க ஒரே கேள்வி போதும்: இதே பொருளில் வீட்டுச் சொல் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறதா? ‘கோரோத்’ இருக்க ஒருவர் ‘க்ராத்’ என்று எழுதினால் அவர் தெரிந்தே எழுதுகிறார், சாயல் உண்டு. ‘வ்ரேம்யா’வின் வீட்டுத் துணை எப்போதோ செத்துப்போனது, சாயல் இல்லை. மூன்றாவது வகையில் இரண்டும் உயிரோடிருக்கும், ஆனால் பொருள் பிரிந்திருக்கும். ‘கோலோவா’ உடம்பின் தலை. ‘க்லாவா’ புத்தகத்தின் அத்தியாயம், அல்லது நிறுவனத்தின் தலைவர். அங்கேயும் சாயல் இல்லை. ஆனால் ஒரு கவிதையில் ஒருவர் தன் ‘க்லாவா’வைத் தாழ்த்தினால் அது உடம்பின் தலை, பழைய வேலைக்குத் திரும்பிய அந்தச் சொல்லில் சாயல் முழுமையாக இருக்கும். ஐயம் வந்தால் உஷகோவ் தொகுத்த நான்கு தொகுதி ரஷ்ய அகராதியைப் பாருங்கள். 1935க்கும் 1940க்கும் இடையே வந்த பழைய அகராதிதான். ஆனால் எது தேவாலய வழக்கு, எது நூல் வழக்கு, எது வழக்கொழிந்தது என்று குறியிட்டுக் காட்டும்.

புஷ்கின் 1833இல் எழுதிய ‘வெண்கலக் குதிரைவீரன்’ கவிதையின் முகப்பில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். நெவா நதிக்கரையில் நின்று பீட்டர் மன்னர் திட்டம் போடும்போது, இங்கே ஒரு ‘கோரோத்’ எழுப்பப்படும் என்று நினைக்கிறார். நூறு ஆண்டு கடந்ததும் அதே நகரம் ‘யூனீய் க்ராத்’, இளம் நகராக, காட்டிருளிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழுந்து நிற்கிறது. சதுப்புக்கும் அங்கே வீட்டுச் சொல் இல்லை. ‘ப்லாத்’ என்ற ஸ்லாவோனிக் வடிவம். மன்னரின் தலைக்குள் இருக்கும்வரை கட்டட வேலை, எழுந்த பிறகு மகிமை. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் வந்திருக்கும்.

தமிழில் ‘கோரோத்’துக்கு நகரம் என்றும் ‘க்ராத்’துக்கு வேறொரு சொல் என்றும் இணை தேடினால் அகப்படுவதெல்லாம் சிக்கலானவை. ‘மாநகர்’ என்றால் மாநகராட்சி நினைவுக்கு வருகிறது. ‘பதி’ என்றால் கோயில். சாயலை அதே சொல்லில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் எதுவுமில்லை. முதல் இடத்தில் ‘இங்கே ஒரு நகரம் அமையும்’ என்று வெறுமையாக விட்டுவிட்டு, இரண்டாம் இடத்தில் ‘வடபுலத்தின் எழிலும் வியப்புமாய் அந்த இளநகர் ஓங்கி எழுந்தது’ என்று எழுதினால் ‘வடபுலம்’, ‘எழில்’, ‘ஓங்கி’ ஆகிய மூன்றும் சேர்ந்து குரலை உயர்த்திவிடும். ‘நகர்’ என்ற சொல் சும்மா இருந்தாலும் பரவாயில்லை.

புஷ்கின் காலத்துக் கவிதையில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ‘க்ராத்’ ஓரசை, ‘கோரோத்’ ஈரசை. ‘ம்லாதோய்’, ‘ப்ரெக்’ போன்றவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கவிஞர்கள் யாப்புக்காகவும் எடுத்துக்கொண்டார்கள். காதல் கவிதையில் ‘ம்லாதோய்’ வந்தால் அங்கே தூபம் புகைவதாக எண்ண வேண்டாம். கவிதை மொழி என்ற அளவே அது. ஒரு பத்தியில் ஒற்றை வடிவம் மட்டும் தனியாக நின்றால் பெரும்பாலும் யாப்பு. மூன்று நான்கு சேர்ந்து வந்தால், அதிலும் இலக்கண வடிவங்கள் கலந்து வந்தால், ஆசிரியர் வேண்டுமென்றே வேதத்தின் குரலில் பேசுகிறார்.

எப்ரேம் ஜெபம்: வரிவரியாகப் பொறிகள்

ஒலி அடையாளத்தைவிட இலக்கண அடையாளம் உறுதியானது. ரஷ்யன் எப்போதோ விட்டுவிட்ட உருபுகளை ஸ்லாவோனிக் வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் பல, இன்றைய ரஷ்யனில் வேறொன்றைக் குறிக்கும் உருபுகளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். தெரியாத வடிவம் கண்டால் அகராதியைத் திறப்போம். தெரிந்ததுபோல் தோன்றும் வடிவம்தான் ஆளைக் கவிழ்க்கும். முழு ஜெபம் இது:

கோஸ்போதி இ விளாதீகோ ஷிவோதா மொயேகோ, தூஹ் ப்ராஸ்த்னோஸ்தி, உனீனியா, ல்யுபோநசாலியா இ ப்ராஸ்த்னோஸ்லோவியா நே தாஷ்த் மி. தூஹ் ஷே த்ஸெலொமூத்ரியா, ஸ்மிரெனொமூத்ரியா, தெர்பேனியா இ ல்யுப்வே தாருய் மி, ராபூ த்வொயெமூ. யேய், கோஸ்போதி, த்ஸார்யூ, தாருய் மி ஸ்ரேதி மொயா ப்ரெக்ரெஷேனியா இ நே ஓசுஷ்தாதி ப்ராதா மொயெகோ, யாகோ ப்லகொஸ்லவேன் யெசீ வோ வேகி வெகோவ். ஆமின்.

‘விளாதீகோ’ விளி வேற்றுமை. எழுவாய் ‘விளாதீகா’, அழைக்கும்போது ஈறு ‘கோ’ ஆகிறது. விளி ரஷ்யனில் அழிந்துவிட்டது. ‘கோஸ்போதி’, ‘போஷே’ போன்ற சில மட்டும் வாய்ப்பழக்கமாகத் தங்கியிருக்கின்றன. மூன்றாம் வாக்கியத்தின் ‘த்ஸார்யூ’வும் விளிதான், அரசரே என்று பொருள். இன்றைய ரஷ்யனில் இதே வடிவம் நான்காம் வேற்றுமை: ‘அரசருக்கு’. அதற்கு முன்னுள்ள ‘யேய்’ என்பது ‘ஆம், மெய்யாகவே’ என்ற சொல். இன்றைய ரஷ்யனில் ‘அவளுக்கு’. அவளுக்கு, ஆண்டவரே, அரசருக்கு அருளும் என்று யாராவது எழுதியிருந்தால், பிழை இந்த இரண்டு சொல்லில்தான் தொடங்கியிருக்கும். தமிழுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: விளி நம்மிடம் உயிரோடிருக்கிறது. ‘ராஜா’வுக்கும் ‘ராஜாவே’க்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் காதுக்கு விளக்கம் தேவையில்லாதது.

‘தாஷ்த்’ என்பது ‘தா’ என்ற ஏவல். இன்றைய ரஷ்யனில் ‘தாய்’. ‘மி’ என்பது ‘எனக்கு’ என்பதன் குறுவடிவம், இன்று ‘ம்னே’. ‘ஸ்ரேதி’, ‘ஓசுஷ்தாதி’ இரண்டிலும் வினையெச்ச ஈறு முழு ‘தி’யாக நிற்கிறது, இன்று ஈற்றுயிர் தேய்ந்துவிட்டது. ‘யெசீ’ என்றால் ‘நீர் இருக்கிறீர்’. ரஷ்யன் இந்த வினையை நிகழ்காலத்தில் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடும். இவை மயக்கம் தராதவை. அடுத்து வரும் ‘மொயா ப்ரெக்ரெஷேனியா’தான் மயக்கும். ‘மொயா’ இன்றைய ரஷ்யனில் பெண்பால் ஒருமை. இங்கே அஃறிணைப் பன்மை. ‘என் பாவங்களை’ என்று பொருள். கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. ‘தொல்ஷ்னிகோம் நாஷிம்’ இன்றைய கண்ணுக்குக் ‘எங்கள் கடனாளியால்’ என்று மூன்றாம் வேற்றுமை ஒருமையாகத் தெரியும். உண்மையில் அது நான்காம் வேற்றுமைப் பன்மை: எங்கள் கடனாளிகளுக்கு.

இனிச் சொற்பொருள். ‘த்ஸெலொமூத்ரியே’ இந்த ஜெபத்தின் கடினமான சொல். இன்றைய ரஷ்யனில் அது உடல் சார்ந்த கற்பு, அவ்வளவே. அதனால் தமிழில் ‘கற்பு’ என்று வைத்துவிடத் தோன்றும். ஜெபத்தில் அது கிரேக்கத்தின் ‘ஸொஃப்ரொஸீனே’ என்ற சொல்லுக்கு உறுப்புக்கு உறுப்பாகச் செய்த பெயர்ப்பு: முழுமை, அறிவு. சிதறாத மனம், தன்னை ஆளும் தெளிவு. தமிழில் இதற்குச் சொல் தேடிக் களைக்க வேண்டியதில்லை. வேதாகமத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் முதல் அதிகாரம் ஏழாம் வசனத்தில் ரஷ்யன் ‘த்ஸெலொமூத்ரியே’ என்று சொல்லும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் ‘தெளிந்த புத்தி’ என்கிறது. ‘ஸ்மிரெனொமூத்ரியே’க்கும் இதே வழி: பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் அது ‘மனத்தாழ்மை’.

வேலை செய்யும் முறையும் இதுதான். ஜெபத்தில் ஐயமான சொல் வந்தால் அது எந்த வேத வசனத்தில் வருகிறது என்று ரஷ்ய வேதாகமத்தில் தேடுங்கள்; அதே வசனத்தைத் தமிழில் திறங்கள். அதிகார எண்களும் வசன எண்களும்தான் இரு மொழிக்கும் இடையிலான பாலம். சங்கீதங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஸ்லாவோனிக்கும் ரஷ்யனும் கிரேக்க எண்ணிக்கையைப் பின்பற்றுகின்றன. நமது ஐம்பத்தோராம் சங்கீதம் அங்கே ஐம்பதாம் சங்கீதம். பெரும்பகுதிக்கு ஒன்று குறைத்துப் பார்க்க வேண்டும். உருவில் ஒத்துப் பொருளில் ஏமாற்றும் போலித் தோழர்களான சொற்களுக்கு ஓல்கா செதகோவா தொகுத்த திருச்சபை ஸ்லாவோனிக்–ரஷ்ய ஒப்புருச் சொல் அகராதி மேசையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்று நடையிலும் ஒரே வாக்கியம்

முதல் வாக்கியத்தைப் பொதுத் தமிழில் வைத்தால்: ‘ஆண்டவரே, என் வாழ்வின் தலைவரே, சோம்பல், மனச்சோர்வு, அதிகார ஆசை, வீண்பேச்சு ஆகியவற்றின் மனநிலையை எனக்குத் தராதீர்கள்.’ பொருளில் குறையில்லை. ரஷ்யன் தெரியாத வாசகருக்கு ஜெபம் என்ன கேட்கிறது என்று விளங்கும். அடிக்குறிப்புக்கும் வரலாற்று நூலுக்கும் இது போதும். ஆனால் இதை யாரும் முழந்தாளிட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘தலைவரே’ கட்சிக் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. ‘மனநிலை’ உளவியல் கட்டுரைக்குப் போய்விடுகிறது; ‘தூஹ்’ என்பது ஆவி, வெளியிலிருந்து வந்து மனிதனைப் பிடிக்கக்கூடியது.

செந்தமிழில்: ‘இறைவ, என் உயிர்க்கு இறையே, மடியும் அயர்வும் தலைமை வேட்கையும் பயனில் சொல்லும் உடைய உளத்தை எனக்கு அருளற்க.’ ஓசை நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறளில் ‘மடியின்மை’, ‘பயனில சொல்லாமை’ என்று அதிகாரங்களே இருப்பதால் இந்தக் குற்றங்களின் பட்டியல் தமிழுக்குப் புதிதும் அல்ல. கெடுதலும் அதிலிருந்தே வருகிறது. வாசகர் காதில் ரஷ்யத் தேவாலயம் கேட்கவில்லை, வள்ளுவர் கேட்கிறார். ஜெபம் அறநூலாகிவிடுகிறது. மேலும் ‘அருளற்க’ போன்ற வடிவத்தை இன்று எவரும் வழிபாட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸ்லாவோனிக்கோ இன்றும் ஞாயிறுதோறும் சொல்லப்படுவது. பழையது, ஆனால் வழக்கில் இருப்பது. ‘பழையதைப் பழையதால் பெயர்’ என்ற விதி இதனால்தான் தோற்கிறது.

வேதாகம நடையில் முழு ஜெபம்:

‘கர்த்தரே, என் ஜீவனின் ஆண்டவரே, சோம்பலும் மனச்சோர்வும் அதிகார இச்சையும் வீண்வார்த்தையுமுள்ள ஆவியை எனக்குத் தராதேயும். தெளிந்த புத்தியும் மனத்தாழ்மையும் பொறுமையும் அன்புமுள்ள ஆவியையே உமது அடியேனாகிய எனக்கு அருளும். ஆம், கர்த்தாவே, ராஜாவே, நான் என் பாவங்களைக் காணவும் என் சகோதரனைக் குற்றவாளியென்று தீர்க்காதிருக்கவும் எனக்கு அருளும். நீர் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்பட்டவராயிருக்கிறீர். ஆமென்.’

ஜெபத்துக்கு இதையே பரிந்துரைக்கிறோம். இந்தத் தமிழை வீட்டில் யாரும் பேசுவதில்லை, ஆனால் கேட்டால் எல்லாருக்கும் புரிகிறது. ‘ஸ்தோத்திரிக்கப்பட்டவர்’ என்பது தேநீர்க் கடையில் வராத சொல், ஆராதனையில் தினமும் வருவது. ரஷ்யருக்கு ஸ்லாவோனிக் எங்கே நிற்கிறதோ, கிட்டத்தட்ட அங்கேதான் தமிழருக்கு இந்த நடை நிற்கிறது. ‘தராதேயும்’ என்ற எதிர்மறை ஏவலைக் கவனியுங்கள். சங்கீதத்தில் ‘உமது முகத்தை எனக்கு மறையாதேயும்’ என்று வரும் வடிவம் இது. ‘தாஷ்த்’ என்ற வழக்கொழிந்த ஏவலுக்கு இதைவிட நெருங்கிய இணை தமிழில் இல்லை.

இதற்கும் ஒரு குறை உண்டு. 1995இல் வந்த திருவிவிலியத்தோடு வளர்ந்த கத்தோலிக்க வாசகருக்கு ‘கர்த்தர்’, ‘ஜீவன்’ இரண்டும் அடுத்த வீட்டுச் சொற்கள். அவர் ‘ஆண்டவர்’, ‘வாழ்வு’ என்பார். அவருக்காகவே மொழிபெயர்த்தால் அந்த நடையை எடுக்கலாம். ஆனால் திருவிவிலியம் வேண்டுமென்றே எளிய தமிழுக்கு நகர்ந்த பெயர்ப்பு என்பதால் ஸ்லாவோனிக் தரும் தொலைவு அதில் குறையும். ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்பதையும் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ரஷ்யத்திலும் இதே இரட்டை உண்டு. 1876இல் முழுமையாக வெளிவந்த சினோத் பெயர்ப்பு என்ற ரஷ்ய வேதாகமம் ‘தாஷ்த்’தைத் ‘தாய்’ ஆக்கியது, ‘த்னேஸ்’ என்ற ‘இன்று’வை மாற்றியது. ஆனாலும் பிதாவே என்று பொருள்படும் ‘ஓட்சே’ என்ற விளியைத் தொடவில்லை. ஜெபிக்கிறவர்கள் இன்றும் பழையதையே ஜெபிக்கிறார்கள்.

புஷ்கின் அதே ஜெபத்தை எடுத்தபோது

1836 கோடையில் புஷ்கின் இந்த ஜெபத்தைக் கவிதையாக்கினார். அவர் இறந்தபின் 1837இல் அது அச்சேறியது. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று அவரே ஒரு முறை முடிவெடுத்துக் காட்டியிருக்கிறார்.

முதலில் போனது ‘ஷிவோத்’. ‘விளாதீகோ த்னேய் மொயீஹ்’ என்று எழுதினார்: என் நாட்களின் ஆண்டவரே. வயிறு என்ற பொருள் அவர் காலத்திலேயே இடறியிருக்க வேண்டும். ‘நே தாஷ்த் மி’ போய் ‘நே தாய் துஷே மொயேய்’ வந்தது: என் ஆன்மாவுக்குத் தராதே. ஏவல் இன்றைய வடிவமாகிவிட்டது. ‘ஸ்ரேதி’ ‘ஸ்ரேத்’ ஆனது. ‘விளாதீகோ’ என்ற விளி மட்டும் அசையவில்லை. ‘ல்யுபோநசாலியே’ போன்ற கனத்த கூட்டுச்சொற்களும் அப்படியே. அதாவது இலக்கணத்தை ரஷ்யனாக்கினார், சொற்களைத் தேவாலயத்திலேயே விட்டார். வரிசையையும் மாற்றினார்: தன் பாவத்தைக் காணும் வரம் முன்னே வந்தது, பொறுமை, அன்பு முதலான நற்குணங்கள் பின்னே போயின. ‘த்ஸெலொமூத்ரியே’ கடைசி வரிக்குப் போனது.

ஆகவே தமிழிலும் ஜெபமும் கவிதையும் ஒரே நடையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் தமிழருக்குக் கவிதை அரைப்படி இறங்கித் தெரிய வேண்டும். அதற்கு வேதாகமச் சொற்களை வைத்துக்கொண்டு இலக்கணத்தை மட்டும் எளிதாக்கலாம்: ‘என் நாட்களின் ஆண்டவரே, சோர்ந்த சோம்பலின் ஆவியையும், மறைந்திருக்கும் பாம்பாகிய அதிகார இச்சையையும், வீண்வார்த்தையையும் என் ஆத்துமாவுக்குத் தராதிரும்.’ ‘ஜீவன்’ போய் ‘நாட்கள்’ வந்தது. ‘தராதேயும்’ போய்த் ‘தராதிரும்’ வந்தது. ‘இச்சை’யும் ‘ஆத்துமா’வும் நிற்கின்றன.

‘நீ’யா ‘நீர்’ஆ என்ற கேள்வி இங்கே எழும். ரஷ்யரும் ஸ்லாவோனிக்கும் கடவுளை ஒருமையில்தான் அழைக்கிறார்கள். அதே ஒருமை நண்பனுக்கும் குழந்தைக்கும் உரியது. அதைக் காட்டத் தமிழில் ‘நீ’ போடலாமே என்று தோன்றும். போட்டால் தேவாரமும் திருவாசகமும் வந்து நிற்கும். எங்கள் தேர்வு ‘நீர்’. மூலத்தின் நெருக்கம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் தவறான கோயிலுக்குள் வாசகரை அனுப்பவில்லை.

செந்தமிழுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. புஷ்கினின் ‘தீர்க்கதரிசி’ 1826இல் எழுதியது. ஏசாயா ஆறாம் அதிகாரத்தின் காட்சியை எடுத்துக்கொண்டு தானாக நிற்கும் கவிதை. அதில் ஸ்லாவோனிக் வழிபாட்டு வாய்பாடாக வரவில்லை, கம்பீரமாக வருகிறது. வேதாகமத் தமிழைச் சட்டகமாக வைத்து, ‘ஸெனீத்ஸீ’ என்ற கண்மணிக்கும் ‘பெர்ஸ்தீ’ என்ற விரல்களுக்கும் செந்தமிழைத் தொட்டுக்கொள்ளலாம். பொறிகள் அங்கேயும் உண்டு. ‘வோஸ்ஸ்தான்’ இன்று ‘கலகம் செய்’ என்று ஒலிக்கும், கவிதையில் ‘எழுந்திரு’. ‘ப்ரொஸ்யபானியே’ இன்று ஒன்றுக்கும் உதவாமல் நாளைக் கழிக்கும் வாழ்க்கை. கவிதையில் பள்ளத்தாக்குத் திராட்சைக்கொடி துளிர்த்து வளர்வது. கொடியின் அவல வாழ்வு என்று எழுதிவிட்டால் பிரபஞ்சத்தின் ஓசையெல்லாம் கேட்கும் அந்த இடமே பாழாகிவிடும்.

அச்சு ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரடையின் ஆறாம் வேற்றுமையில் ‘ஆகோ’ என்ற ஈறு கண்டால் ஸ்லாவோனிக் என்று துள்ள வேண்டாம். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான எந்த ரஷ்ய நூலிலும், சமையல் குறிப்பிலும்கூட, அந்த ஈறு சாதாரணம். இன்றைய எழுத்தில் அச்சிட்ட ஜெபப் புத்தகத்தில் ‘லுகாவாகோ’ என்று இருந்தால் மட்டுமே அது அடையாளம்.

குடிகாரரின் வாயில் வேதம்

மூன்றாவது நிலைமை உரையாடல். 1866இல் வந்த தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், வேலையிழந்த குமாஸ்தா மர்மெலாதோவ் மதுக்கடையில் அமர்ந்து இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுகிறார். கடவுள் தங்களைப் போன்ற குடிகாரர்களையும் அழைப்பார் என்கிறார். ‘இ ப்ரொஸ்த்ரேத் க் நாம் ரூத்ஸே ஸ்வொயீ’: ‘ரூத்ஸே’ என்பது கையின் இருமை வடிவம். இரண்டு கைகளுக்கென்றே தனி உருபு. ‘க’ ஒலியும் ‘த்ஸ’ ஆக மாறியிருக்கிறது. ரஷ்யன் விட்டுவிட்ட வடிவம். ஆனால் அதே வாக்கியம் முன்னேற முன்னேறச் சாதாரண ரஷ்யனாகிவிடுகிறது: அழுவோம், எல்லாம் புரிந்துகொள்வோம். ஒரே மூச்சில் பிரசங்க மேடையிலிருந்து மதுக்கடை மேசைக்கு இறங்குகிறார்.

இங்கே முழுவதையும் வேதாகம நடையில் வைத்தால் மர்மெலாதோவ் பாதிரியாராகிவிடுவார். முழுவதையும் பொதுத் தமிழில் வைத்தால் புலம்பும் குடிகாரர் மட்டும் மிஞ்சுவார். மூலம் எங்கே இறங்குகிறதோ அங்கே நாமும் இறங்க வேண்டும்: ‘தமது கரங்களை நம்மிடமாய் நீட்டுவார், நாம் விழுந்து பணிவோம்... அழுவோம்... எல்லாம் புரிந்துபோகும்!’ இருமை வடிவத்துக்குத் தமிழில் இணையில்லை. ‘கரங்கள்’ என்ற சொல்லே அந்தப் பாரத்தைச் சுமக்கட்டும். ‘இரு கரங்கள்’ என்று எண்ணிக் காட்ட வேண்டியதில்லை, மூலத்தில் எண்ணிக்கை வலியுறுத்தப்படவில்லை. ‘மிருகத்தின் சொரூபமும் முத்திரையும்’ என்று அவர் வசைபாடும் இடத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தின் அதே சொற்கள் வேண்டும்; ‘விலங்கின் உருவமும் அடையாளமும்’ என்றால் மேற்கோள் என்பது தெரியாமல் போகும்.

பேச்சை அவர் முடிப்பது கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் வரியால்: ‘கோஸ்போதி, தா ப்ரியீதெத் த்ஸார்ஸ்த்வியே த்வொயே!’ கேட்டவுடன் ஜெபம் என்று தெரிய வேண்டிய வரி இது. கடையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். தமிழ் வாசகருக்கும் தெரிய வேண்டும். திருவிவிலியத்தின் ‘உமது ஆட்சி வருக’ கிறிஸ்தவரல்லாத வாசகருக்குத் தேர்தல் முழக்கமாகக் கேட்க இடமுண்டு. ‘கர்த்தாவே, உம்முடைய ராஜ்யம் வருவதாக!’ என்பதில் அந்த ஆபத்து இல்லை. ‘தா’ என்ற வேண்டுகோள் இடைச்சொல்லும் ‘வருவதாக’ என்ற வியங்கோளும் சரியாகப் பொருந்துகின்றன. இந்த வரிக்குப் புதிய மொழிபெயர்ப்பு எதுவும் செய்ய வேண்டாம். ஆராதனையில் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்து அவர் வாயில் வையுங்கள்.